பழச்சாற்றுப் பெட்டியில் இருக்கும் பூஜ்ஜியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஒரு நாளைக்கு 25 கிராம் சர்க்கரைதான் எல்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையை எடுத்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அது சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு மட்டுமே பொருந்தும் என்றும், பழச்சாற்றில் இருப்பது இயற்கைச் சர்க்கரை என்பதால் கணக்கில் வராது என்றும் முடித்திருந்தது. முதல் வரியில் ஒரு சிறு விடுபடல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது வரி முழுத் தவறு. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா அந்தப் பகுதியைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வேலூர் மாவட்டத்து வெயிலுக்கு மருந்தாக நாளுக்கு இரண்டு பெட்டி ஆப்பிள் சாறு குடிக்கத் தொடங்கிவிட்டதால், வேதியியல் ஆசிரியராக முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற சொல்லின் மீது எழுதப்பட்டதல்ல; ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சுகர்ஸ்' என்ற சொல்லின் மீது எழுதப்பட்டது. தமிழில் இதற்கு நிலைத்த சொல் இன்னும் இல்லை. கட்டற்ற சர்க்கரை என்று இங்கே எழுதுகிறேன். இதே இரண்டு சொற்களை இடம் மாற்றி 'சுகர் ஃப்ரீ' என்றால் சர்க்கரையே இல்லாதது என்று பொருள். 'ஃப்ரீ' என்பதை வேதியியல் பொருளிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் காப்பியில் போடும் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கின்றன. ஆனாலும் அது கட்டற்ற சர்க்கரைதான். கட்டு என்று இங்கே சொல்லப்படுவது பழத்தின் செல்சுவரை. அந்தச் சுவருக்குள் அடைபட்டிருக்கும் வரை ஒரு பெயர், சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டால் வேறு பெயர்.

ஆகவே கட்டற்ற சர்க்கரை என்பதில், தொழிற்சாலையோ சமையல்காரரோ உண்பவரோ சேர்க்கும் எல்லாச் சர்க்கரையும் அடங்கும். அதோடு தேன், பாகு, பழச்சாறு, அடர்த்தியாக்கப்பட்ட பழச்சாறு ஆகியவற்றில் இயற்கையாகவே இருக்கும் சர்க்கரையும் அடங்கும். முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இருக்கும் லாக்டோஸும் அடங்கா. இவை தீங்கு செய்வதாகச் சான்று எதுவும் பதிவாகவில்லை என்பதே அந்நிறுவனம் சொல்லும் காரணம். ஆரஞ்சைச் சுளை சுளையாக மென்று தின்றால் அது இயற்கைச் சர்க்கரை. அதே பழத்தை ஜூஸரில் பிழிந்து குடித்தால், யாரும் ஒரு துளி சேர்க்காவிட்டாலும், அது கட்டற்ற சர்க்கரை. மூன்று பழங்களை மென்று முடிக்க நேரம் பிடிக்கும், வயிறும் போதும் என்று சொல்லிவிடும். மூன்று பழங்களின் சாறோ ஒரே மூச்சில் உள்ளே போய்விடுகிறது.

இப்போது அக்காவின் பெட்டிக்கு வருகிறேன். 200 மில்லி அளவு. அடர்த்தியாக்கிய சாற்றில் மீண்டும் நீர் சேர்த்துத் தயாரித்தது. பின்புறக் கட்டத்தில் 100 மில்லிக்கு மொத்தச் சர்க்கரை 11 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 0 என்று இருந்தது. இந்த இரண்டு வரிகளையும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் கேட்கின்றன. கட்டற்ற சர்க்கரை என்ற மூன்றாவது வரி அந்தக் கட்டத்தில் எங்கும் கிடையாது. ஒரு பெட்டிக்கு 22 கிராம், நாளுக்கு இரண்டு பெட்டி என்றால் 44 கிராம். கட்டுரை சொன்ன 25 கிராம் எல்லையை இது கிட்டத்தட்ட இரு மடங்காகத் தாண்டுகிறது. லேபிளோ பூஜ்ஜியம் என்கிறது. லேபிள் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது; நாம் வேறொரு கேள்வியின் விடையாக அதை வாசிக்கிறோம்.

எண்களிலும் ஒரு நழுவல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் உறுதியாகப் பரிந்துரைப்பது, நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் கட்டற்ற சர்க்கரை இருக்க வேண்டும் என்பது. 2000 கிலோகலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 5 சதவீதம், அதாவது 25 கிராம் என்பது நிபந்தனைக்குட்பட்ட கூடுதல் பரிந்துரை. பற்சொத்தை பற்றிய, தரம் குறைந்தவை என்று அவர்களே மதிப்பிட்ட சான்றுகளை வைத்துச் சொல்லப்பட்டது அது. தங்கள் கட்டுரையில் விடுபட்டது இந்த வேறுபாடுதான். நம் லேபிள்களில் ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே, அதற்கும் அடிப்படை 50 கிராம்தான். ஆனால் அங்கே சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம் என்று கணக்கு. எண் ஒன்றாக இருக்கிறது, அளக்கப்படும் பொருள் மாறிவிடுகிறது. அந்தச் சதவீதத்தைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள், சாறும் தேனும் அந்தக் கணக்கில் எங்கே போயின என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அணைக்கட்டுப் பக்கத்து ஆலைகளில் காய்ச்சும் வெல்லம் வேலூர் மண்டிக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெல்லத்தைச் சர்க்கரை என்று அழைக்க எங்கள் வாய் வருவதில்லை. வெல்லத்தூளுக்கு மட்டும் 'நாட்டுச் சர்க்கரை' என்று பெயர் வைத்திருக்கிறோம். நோய்க்கும் அதே 'சர்க்கரை'தான். ஆனால் வெல்லம் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் சர்க்கரையே. காய்ச்சிய பாகிலிருந்து வந்தது என்பதால் அதுவும் கட்டற்ற சர்க்கரை; பிஸ்கட்டில் போட்டால் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் கூட. அண்மையில் முகப்பில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்பாடிக் கடையில் வாங்கினேன். பின்புறத்தில் மொத்தச் சர்க்கரை 100 கிராமுக்கு 22 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 0. உட்பொருள் பட்டியலில் கோதுமை மாவுக்கு அடுத்து பனைவெல்லம் 25 சதவீதம்.

இதைச் சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. மொத்தத்திலிருந்து சேர்க்கப்பட்டதைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் சர்க்கரையைப் பட்டியலில் உள்ள எந்தப் பொருள் தானாகத் தர முடியும் என்று பார்க்க வேண்டும். இங்கே மிச்சம் 22. கோதுமை மாவு 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம் சர்க்கரைதான் தரும். 25 கிராம் வெல்லமோ சுமார் 21 கிராம் தரும். ஆகவே அந்தப் பூஜ்ஜியம் வெல்லத்தைச் சர்க்கரை அல்ல என்று வைத்துக்கொண்டு போட்ட பூஜ்ஜியம். அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. இதே கழித்தல் மாம்பழச் சுவையூட்டிய தயிரில் நேர்மையான விடை தந்தது: மொத்தம் 13, சேர்க்கப்பட்டது 9, மிச்சம் 4. பால் பொருளில் இருக்க வேண்டிய லாக்டோஸ் ஏறத்தாழ அந்த அளவுதான்.

ஆய்வகத்தில் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குரோமடோகிராஃபி முறையில் குளுக்கோஸ் எவ்வளவு, சுக்ரோஸ் எவ்வளவு, லாக்டோஸ் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு மாம்பழத்திலிருந்து வந்ததா மூட்டையிலிருந்து கொட்டப்பட்டதா என்பதை அந்தக் கருவி அறியாது, இரண்டும் ஒன்றே. கரும்பின் கார்பனைப் பெரும்பாலான பழங்களின் கார்பனிலிருந்து பிரித்தறியும் ஐசோடோப்புச் சோதனை ஒன்று உண்டு. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்ததை அதனால் கண்டுபிடிப்பார்கள். அரிசிப் பாகு கலந்தால் அதுவும் ஏமாந்துபோகும். மற்றபடி, சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற எண் தயாரிப்பாளரின் செய்முறைக் குறிப்பிலிருந்து கணக்கிடப்படுவதே. அமெரிக்காவில் 2016-இல் அந்த வரியை லேபிளில் கட்டாயமாக்கியபோது, அதற்கான பதிவேடுகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று விதித்ததற்கும் இதுதான் காரணம்.

கோட்டைக்கு எதிரே விற்கும் கரும்புச் சாறும், கோடையில் வரும் பதநீரும் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையை எழுத்துக்கு எழுத்து படித்தால் கரும்பு பழமல்ல, பதநீர் பாகுமல்ல. ஆனால் பிரிட்டனில் பின்பற்றும் வரையறை, பால் சார்ந்தவை நீங்கலாக எல்லாப் பானங்களின் சர்க்கரையையும் கட்டற்றதாகக் கொள்கிறது. இந்த இடத்தில் அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. 200 மில்லி கரும்புச் சாற்றில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை இருக்கும். செல்சுவர்களெல்லாம் சக்கையோடு குப்பைக்கூடையில் கிடக்கின்றன.

இன்னொன்றும் அக்காவை முன்னிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். கட்டற்ற சர்க்கரைக்கான எல்லை பற்சொத்தையையும் உடல் எடையையும் கருதிப் பொதுமக்களுக்கு வகுத்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குச் சோற்றின் மாவுச்சத்தும் வாழைப்பழமும் கணக்கில் வரும். எனவே நீரிழிவு உள்ளவர்கள் பார்க்க வேண்டிய வரி அதே கட்டத்தில் இன்னும் மேலே, மொத்தக் கார்போஹைட்ரேட் என்று இருக்கிறது. சாறு கூடாது என்பதால் முழுப் பழம் அளவின்றி ஆகலாம் என்று அவர் முடிவுகட்டிவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

ஆகவே தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 25 கிராம், 50 கிராம் என்ற எல்லைகள் கட்டற்ற சர்க்கரைக்கு உரியவை; பழச்சாறும் தேனும் வெல்லமும் அதில் சேரும்; பழச்சாற்றுப் பெட்டியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்ஜியம் என்று இருந்தால் மொத்தச் சர்க்கரை என்ற வரியையே கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று வரிகள் போதும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வந்தால், அக்கா பழைய துண்டைக் கிழித்துவிட்டு இதை ஒட்டிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.