பலகையில் உள்ள ஆங்கிலத்தை யார் மொழிபெயர்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், 'கடைப் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும், உள்ளூரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்று ஒரு வரி கண்டேன். எழுதியவர் மதுரையில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

என் வீட்டு மாடியில் சில நாள் தங்கிய பெல்ஜிய நாட்டுப் பெண், இறைச்சி தொடாதவர், தாம் எடுத்த படத்தை என்னிடம் காட்டினார். மேலே தமிழ் எழுத்தில் 'மிலிட்டரி ஹோட்டல்', நடுவே ஆங்கில எழுத்தில் 'மீல்ஸ் ரெடி', அடியில் 'கறி தோசை, பார்சல் உண்டு, எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' கிளைகள் இல்லை என்பதை மொழிபெயர்ப்புச் செயலி பிழையில்லாமல் பெயர்த்திருந்தது. ஹோட்டல், பார்சல் ஆகியவற்றை ஒலி மாறாமல் ஆங்கிலத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. அதனால் அவருக்கு அது படைவீரர் தங்கும் விடுதியாகவும், அஞ்சல் பொதி அனுப்பும் இடமாகவும் தெரிந்தது. அசைவச் சாப்பாட்டுக் கடை, கட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் பொருள் என்று யார் சொல்வது? தமக்குத் தெரிந்த மொழி என்று நம்பியதால் அவரும் யாரையும் கேட்கவில்லை.

இதுவாவது சிரிப்போடு போயிற்று. 'கறி'யைச் செயலி குழம்பாக்கிவிட்டது. ஆங்கிலேயர் நம்மிடமிருந்து கொண்டுபோன சொல், பொருள் மாறித் திரும்பி வந்திருக்கிறது. சில வீடுகளில் கறி என்றால் காய்ப் பொரியல்தான். ஆனால் மதுரைக் கடைப் பலகையில் அது ஆட்டிறைச்சி. முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிய அந்தத் தோசையை ஒரு வாய் தின்ற பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியது. இரவு முழுவதும் அவர் எதுவும் சாப்பிடவில்லை. விருந்தாளியை வைத்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?

செயலியை மட்டும் சொல்லிப் பயனில்லை. பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகள் சொல்கின்றன. நாமோ 'ஃபேன்சி ஸ்டோர்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, விதியைக் காப்பாற்றியதாக நெஞ்சு நிமிர்த்துகிறோம். தங்கள் இதழும் சமையல் பக்கத்தில் 'கறி'யைக் 'கரி' என்று அச்சிட்டது. அடுப்புக்கரியை யார் வதக்குவது என்று கேட்டு நான் அனுப்பிய கடிதம் இன்றுவரை வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும், தங்களுக்குத் தெரியாததா!

இப்போது நான் கேட்பது மூன்றே வரி. அடுத்த இதழின் மூலையில், ஹோட்டல் என்றால் இங்கே பெரும்பாலும் சாப்பாட்டுக் கடை, பார்சல் என்றால் கட்டிக்கொடுப்பது, கறி என்றால் இறைச்சியா என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளவும் என அச்சிடுங்கள். இம்முறை றகரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மதுரை.