கருப்பட்டி வாங்கியவர்களுக்கும், வாங்காமல் கேள்வி கேட்டவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஏரல் பஜாரில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவரின் மகள் எழுதுகிறேன். மார்கழி பிறந்த அன்றைக்கு ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் வந்தது. பொங்கல் முடிந்து கடை இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. அதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கடைக்குள் இருந்த சேற்றை முகம் சுளிக்காமல் அள்ளிய பையன்களுக்கு, கரண்ட் வராத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து ஊர்க்காரர்களுக்கு, மோட்டார் தந்த அண்ணாச்சிக்கு, துருப்பிடித்துப்போன தராசைக் கழற்றிச் சரிசெய்து காசு வாங்காமல் போனவருக்கு, கருப்பட்டி விற்க நாங்கள் போட்ட பேஸ்புக் பதிவைத் தாராவியிலும் துபாயிலும் கொண்டுபோய்ச் சேர்த்த சொந்தங்களுக்கு, எல்லோருக்கும் அப்பா சார்பிலும் என் சார்பிலும் நன்றி. இவர்களில் சிலர் பெயரைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கடைக்கு ஆள் வந்தால் கணக்கு நோட்டோடு உள் அறைக்குப் போய்விடுகிறவள் நான்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கீழ்த்தட்டில் இருந்த சரக்கு முழுக்கப் போய்விட்டது. மச்சில் ஓலைப்பெட்டிகளில் ஏற்றி வைத்திருந்தது மட்டும் தப்பியது. அதையாவது பொங்கலுக்கு முன் விற்றாக வேண்டும். கருப்பட்டி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஊரே ஊறிக் கிடந்த அந்த மார்கழியில், மச்சில் இருந்ததும் மேலே பிசுபிசுத்துக் கசிய ஆரம்பித்திருந்தது. வழக்கமாக எடுக்கும் வியாபாரிகளோ, ஏரல் சரக்கு என்றாலே நனைந்த சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்போதுதான் அப்பா, "பேஸ்புக்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு எழுதும்மா" என்றார்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். "அன்புடையீர், பல ஆண்டுகளாகத் தங்கள் நல்லாதரவைப் பெற்று வரும் எமது ஸ்தாபனத்தில், தரமான சுத்தமான பனங்கருப்பட்டி மொத்தமாகவும் சில்லறையாகவும் நியாயமான விலையில் கிடைக்கும். ஒருமுறை வாங்கினால் மறுமுறை நிச்சயம்." கடை திறப்பு விழா நோட்டீஸ் மாதிரி இருந்தது. இணையத்திலிருந்து ஒரு பளபளப்பான படத்தையும் எடுத்துப் போடச் சொன்னார். அதைப் பதிவிடும் முன்பாக ஆச்சி வந்துவிட்டார்.

ஆச்சி உடன்குடிப் பக்கம். அவர் வீட்டு விடிலியில் காய்ச்சுகிற கருப்பட்டிதான் எங்கள் மச்சில் இருந்தது. போன சீசன் சரக்குக்கு நாங்கள் இன்னும் முழுப் பணமும் கொடுத்திருக்கவில்லை. அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆச்சி பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் பார்த்தார். உட்கார்ந்தார். "என்னட்டி எழுதுத?" என்று கேட்டு வாசிக்கச் சொன்னார்.

வாசித்து முடித்ததும் அடுக்கடுக்காகக் கேட்டார். "இதுல விலை எங்கட்டி? எந்த மாசத்துச் சரக்குன்னு போட்டியா? வெள்ளத்துல நனைஞ்சதா நனையாததான்னு வாங்குதவன் கேக்க மாட்டானா? இது எங்க காய்ச்சுனது?"

எதற்கும் அதில் பதில் இல்லை. தரமான, சுத்தமான என்று யாரும் எழுதலாம், சீனி கலந்து விற்கிறவரும் அதைத்தான் எழுதுகிறார். மாதத்தை அவரால் எழுத முடியாது. எங்கள் பக்கம் பதனீர் இறங்குவது பங்குனியை ஒட்டி ஆரம்பித்து ஆடி வாக்கில் முடிந்துவிடும். மார்கழியில் ஒருவர் "நேற்றுக் காய்ச்சிய புதுக் கருப்பட்டி" என்று விற்றால், பதனீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எங்கள் சரக்கு வைகாசி, ஆனியில் காய்ச்சியது. பழையது என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்று அப்பா அதை மறைக்கப் பார்த்தார். ஆச்சியோ அதைத்தான் முதலில் எழுதச் சொன்னார். கருப்பட்டிக்குப் பழசு ஒரு குறையா, பத்திரமாக வைத்திருந்தால் வருஷம் தாங்குமே!

அப்புறம் மச்சிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்துவரச் சொல்லி, வாசல்படியில் தட்டி உடைத்தார். "படம் எடுக்கணும்னா இத எடு. உள்ள எப்படி இருக்குன்னு தெரியட்டும்." சிரட்டையில் வார்த்ததன் குழிவும், உடைந்த பக்கத்தின் மங்கிய பழுப்பும், மேலே கசிந்திருந்த ஈரமும் அந்தப் படத்தில் தெரிந்தன. அளவு புரியட்டும் என்று அவர் உள்ளங்கையிலேயே வைத்து எடுத்தேன். நீங்கள் பார்த்த படம் அதுதான், அந்தக் கை ஆச்சியுடையது.

அப்பாவுக்கு இரண்டு விஷயங்கள் ஒப்பவில்லை. சரக்குப் போனதை வெளியே சொன்னால் கடைக்குக் கெட்ட பெயர் என்றார். விலையைப் போட்டால் பஜார் முழுக்கத் தெரியும், நாளைக்கு ஏற்றவும் முடியாது, பழகிய வாடிக்கைக்குக் குறைத்துக் கொடுக்கவும் முடியாது என்றார். முதலாவதற்கு ஆச்சி, "போனது போச்சுன்னு சொன்னாத்தான இருக்கத நம்புவாவ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விலை விஷயத்தில் அப்பா சொல்வதிலும் நியாயம் இருந்தது. விலைக்கு ஒரு கெடு வைக்கலாமே என்றேன் நான். அப்பாவும் ஆச்சியும் திரும்பிப் பார்த்தார்கள். சரி என்று அதையும் எழுதினோம்.

கடைசியில் போனது இதுதான்:

"ஏரல் பஜாரில் எங்கள் கடையில் கீழே இருந்த கருப்பட்டி முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது. அதை விற்கவில்லை, புதைத்துவிட்டோம். மச்சில் இருந்தது மட்டும் நனையவில்லை. உடன்குடிப் பக்கத்து விடிலியில் வைகாசி, ஆனியில் காய்ச்சியது. ஈரக் காற்றால் மேலே லேசாகக் கசிந்திருக்கிறது, படத்தில் பார்க்கலாம். கிலோ 340 ரூபாய். பொங்கல் வரை இந்த விலை. பார்சல் செலவு தனி. காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணி வரை கூப்பிடலாம்."

முதல் நாள் அத்தை, மாமா, என் பள்ளித் தோழிகள் தவிர யாரும் பார்க்கவில்லை. புதுப் பக்கத்தை யார் பின்தொடர்வார்கள்? தாராவியில் இருக்கும் சித்தப்பா அதை ஊர்க்காரர்கள் குழுவில் பகிர்ந்த பிறகுதான் போன் அடிக்க ஆரம்பித்தது. கூப்பிட்டவர்கள் யாரும் தரமானதா என்று கேட்கவில்லை. "அந்தப் படத்தில இருக்கதுதான வரும்?" என்றுதான் கேட்டார்கள்.

பதிவின் கீழே ஒருவர், "சீனி கலக்காத கருப்பட்டி இப்போ எங்கே இருக்கு, ஏமாத்தாதீங்க" என்று எழுதினார். அப்பாவுக்குக் கோபம் வந்து, அதை அழித்துவிடச் சொன்னார். நான் அழிக்கவில்லை. நேரில் கேட்டிருந்தால் உள் அறைக்கு ஓடியிருப்பேன். எழுத்தில் கேட்டதால் யோசிக்க நேரம் கிடைத்தது. உடைத்த பக்கத்தை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். சீனி கலந்தால் உள்ளே மினுமினுப்புத் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் பார்ப்பார்கள், ஆனாலும் கண்ணால் பார்த்து முழுதாகச் சொல்லிவிட முடியாது, அரைக் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். அவர் வாங்கவில்லை. அந்தப் பதிலைப் படித்த வேறு பலர் வாங்கினார்கள். அந்த அண்ணனுக்கும் என் நன்றி, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விஷயம். பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், எல்லாம் சரியாகவே இருந்தது. அப்பா மட்டும் பழைய வழக்கப்படி, "பேங்க் கணக்குல ஏறியிருக்கான்னு பாரு" என்றார். ஏறவில்லை. பார்சலை அனுப்பவில்லை. அந்த எண்ணிலிருந்து பிறகு போனே வரவில்லை. படத்தை நம்பாமல் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவிடம் நான் கற்றது.

என்னிடம் அப்பா கற்றதும் ஒன்று உண்டு. மச்சு காலியானதும் பதிவை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால், பகிரப்பட்ட இடங்களில் அதைத் தேடி வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, படத்தைத் தனியாக வாங்கி வைத்திருப்பவர்களோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் அதே பதிவின் முதல் வரியில் "சரக்கு முடிந்தது, அடுத்தது பங்குனிக்குப் பிறகு" என்று சேர்த்தேன். போன் குறைந்தது. இப்போது யார் என்ன கேட்டாலும் அப்பா, "மாசத்தையும் விலையையும் போட்டாச்சா?" என்று கேட்கிறார், காய்கறிக்காரரிடம் கூட.

விற்ற பணத்தில் முதலில் ஆச்சியின் பாக்கியைக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, வெள்ளத்துக்கு என்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வந்தார். அப்பா வாங்கவில்லை. இருவரும் வாசலில் நெடுநேரம் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஆச்சி அதை என் கையில் வைத்து, "நல்ல போனா ஒண்ணு வாங்கு, படம் இன்னும் தெளிவா வரணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். ஆச்சி இதைப் படிக்கப்போவதில்லை. உடன்குடிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வாசித்துக் காட்டுங்கள், நான் நேரில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பங்குனியில் பதனீர் இறங்கியதும் விடிலிக்கு நானே போகிறேன். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து சிரட்டையில் வார்ப்பது வரை பார்த்து எழுதுவேன், காய்ச்சியவர் பெயரோடு, அவர் சம்மதித்தால். சரக்கு முடிந்த பிறகும் முன்பணம் அனுப்பிய நாலைந்து பேருக்கு இந்த வாரம் பணம் திரும்ப வரும். வராவிட்டால் கீழே எழுதுங்கள், கூப்பிடவும் செய்யலாம். நான்தான் எடுப்பேன்.