ஒரு பழத்துக்கு ஒரு ஸ்பூனா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கோடைக்கால சமையல் பக்கத்தில் நன்னாரி சர்பத் குறிப்பு வந்திருந்தது. அதன் அடியில், "எலுமிச்சை கிடைக்காவிட்டால் ஒரு பழத்துக்கு ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்க்கலாம்" என்று போட்டிருந்தீர்கள். சர்பத்தும் ஊறுகாயும் போட்டு விற்பவள் என்கிற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கு நாலைந்து மடங்கு அதிகம்.

எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் சுமார் 5 சதவீதம்தான், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். நம் சந்தையில் கிடைக்கும் நடுத்தரமான நாட்டு எலுமிச்சையைப் பிழிந்தால் 15 முதல் 20 மில்லி சாறு வரும். அதாவது ஒரு பழத்தில் இருக்கும் அமிலம் ஏறக்குறைய ஒரு கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிடோ நாலரையிலிருந்து ஐந்து கிராம் எடை இருக்கும். ஆக, ஐந்து பழத்துக்குத்தான் ஒரு ஸ்பூன். வீட்டு ஸ்பூன்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் 50 கிராம் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தலைதட்டி அளந்து பார்க்கட்டும். பத்துப் பதினொரு ஸ்பூன் வந்தால் அந்த ஸ்பூன் சரியானது.

உங்கள் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் நன்னாரித் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் சுமார் 1,100 மில்லி பாகு கிடைக்கும். ஒரு டம்ளருக்கு 40 மில்லி வீதம் ஊற்றினால் 27 டம்ளர். கடையில் டம்ளருக்கு அரைமூடி எலுமிச்சை பிழிவார்கள், அப்படிப் பார்த்தால் மொத்தம் பதினான்கு பழம். அந்தப் புளிப்பு முழுவதையும் பாகிலேயே சேர்க்க 14 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று ஸ்பூன் போதும். நீங்கள் சொன்னபடி பதினான்கு ஸ்பூன் போட்டால் 60 கிராமுக்கு மேல் போய்விடும். அந்தச் சர்பத்தை இரண்டு வாய் குடித்ததுமே பல் கூசும், தொண்டை கரகரக்கும். புளிப்பு ஏறிவிட்ட பாகில் வெறும் தண்ணீரை விட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், பாகு நீர்த்துச் சீக்கிரம் கெட்டுவிடும். அமிலம் போடாத கெட்டிப்பாகு தனியாகக் காய்ச்சி அதில் கலந்துகொள்வதுதான் வழி.

குடிக்கும்போது பழத்தைப் பிழிந்துகொள்பவர்கள் பாகில் இவ்வளவு சேர்க்க வேண்டியதே இல்லை. கிலோவுக்குக் கால் ஸ்பூன் கொதியிலேயே போட்டால் போதும். அது புளிப்புக்காக அல்ல. சூட்டில் அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும், அதனால் பாட்டிலின் அடியில் சர்க்கரை பூத்து உறையாது. புளிப்புக்காகச் சேர்ப்பதை அடுப்பை அணைத்தபின் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம்.

எலுமிச்சை ஸ்குவாஷில் மட்டும் இந்த மாற்றுக் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாறுதானே அங்கே சரக்கு! சட்டப்படியே ஸ்குவாஷ் என்று விற்பதில் கால் பங்காவது பழச்சாறு இருக்க வேண்டும். புளிப்புக் குறைவான மாம்பழம், அன்னாசி ஸ்குவாஷுக்குச் சிட்ரிக் ஆசிட் சேர்ப்பது வேறு விஷயம், அது தேவையும்கூட.

ஊறுகாயில் இடிப்பது தண்ணீர்க் கணக்கு. இஞ்சி, பச்சைமிளகாயை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடும் பக்குவத்தில் 100 மில்லி சாறு இருந்தால், அதற்கு ஈடு ஒரு ஸ்பூன் பொடி மட்டும் அல்ல. அந்த ஒரு ஸ்பூனை, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மில்லியாக்கி ஊற்ற வேண்டும். பொடியை அப்படியே தூவிவிட்டால் துண்டுகள் மூழ்க நீர் இருக்காது. மேலே தலைநீட்டும் துண்டில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். சாறு பற்றவில்லையே என்று இஷ்டத்துக்குத் தண்ணீர் கூட்டினாலோ, உப்பும் புளிப்பும் இரண்டுமே நீர்த்துப்போகும். கூட்டும் ஒவ்வொரு 100 மில்லிக்கும் ஒரு ஸ்பூன் அமிலமும் அதற்குரிய உப்பும் சேர்ந்தே போக வேண்டும்.

இன்னொன்று, பழத்துக்குப் பழம் சாறும் புளிப்பும் மாறும். வெயில் காலத்தில் வரும் காய்ந்த சிறு பழத்தில் பத்து மில்லிகூடத் தேறாது. அதனால் இனி குறிப்பு வெளியிடும்போது "எலுமிச்சை 4" என்று எண்ணிக்கை போடாமல் சாற்றை மில்லியில் போடுங்கள். அடுத்த இதழில் அந்த ஒரு ஸ்பூன் வரிக்குத் திருத்தமும் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்