நெல்லை மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கு: அந்த டப்பாவைச் சோதனைக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய உதவி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் மருந்துக் கடை நடத்தும் பதிவு பெற்ற மருந்தாளுநர் நான். மூட்டு வலிக்கென்று கேபிள் டிவியிலும் பேஸ்புக்கிலும் ஓயாமல் விளம்பரம் ஓடி, கூரியரில் வீடு தேடி வரும் கேப்ஸ்யூல் டப்பாக்கள் பற்றியும், ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டர் சீட்டே பார்க்காமல் அனுப்பும் ஆன்லைன் மருந்துக் கடைகள் பற்றியும் இதை எழுதுகிறேன். கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு புகார் போல இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டிலும் மாட்டுவது ஒரே ஆள்தான்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஓர் ஆச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தே காலம் போனதால் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. "மூன்றே நாளில் மூட்டு வலி பறக்கும், மூலிகை மட்டுமே, பக்க விளைவு கிடையாது" என்ற விளம்பரத்தைப் பார்த்து மகன் டப்பாவை வரவழைத்தார். பணம் வாங்கிக்கொண்டு கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போனார். "எம்மா, ரெண்டே நாள்ல வலி போன இடம் தெரியல பாத்துக்க" என்று ஆச்சி என் கடையில் வந்து சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. தேய்ந்த மூட்டுக்கு இரண்டு நாளில் வேலை செய்யும் மூலிகை எதுவும் எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர்களும் அப்படி வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை. ஆனால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அந்த வேலையைச் செய்யும். விலையோ சல்லிசு. பொடியோடு கலந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

அதன்பின் நடந்ததெல்லாம் வரிசைப்படி நடந்தது. முதலில் நன்றாகப் பசித்தது. 'உடம்பு தேறிட்டு' என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாம் மாதம் முகம் உருண்டு உப்பியது. கை கால் மட்டும் மெலிந்தது. லேசாக இடித்தாலே தோலில் கருநீலமாகக் கன்றிப்போனது. அதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கு 300-க்கு மேல் போனது. அடுத்த டப்பா வரத் தாமதமான வாரத்தில் வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி, ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நம் அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், 'இருக்கிறது போதும்' என்று மூளை அந்தச் சுரப்பியைத் தூண்டாமல் விட்டுவிடும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் சுரப்பியே சுருங்கிவிடும். அவ்வளவு நோவில் கிடந்த ஆச்சிக்குக் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமையாவது ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. உப்பிய முகத்தைப் பார்த்தால் உடம்பில் ஸ்டீராய்டு மிகுதி என்று தெரிகிறது. ரத்தத்திலோ கார்ட்டிசாலே இல்லை. அந்தப் பரிசோதனையில் டெக்ஸாமெத்தசோன் கார்ட்டிசாலாகக் கணக்கில் வராது. அதனால் உப்பிய முகமும் கார்ட்டிசால் இல்லாத ரத்தமும் சேர்ந்தே தெரிந்தால், ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்திருக்கிறது என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியில் ஆச்சி பிழைத்தார். அதற்குப் பின் மாதக்கணக்கில், டாக்டர் சொல்லச் சொல்ல ஸ்டீராய்டு அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆனால் அளவு குறையக் குறைய முழங்கால் வலி திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிப் பேச்சில் 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டிருந்த மகன், செல்போனில் ஒரு செயலியில் டெக்ஸாமெத்தசோனைத் தேடி 10 அட்டை ஆர்டர் போட்டார். சீட்டைப் படமெடுத்து ஏற்றச் சொன்னது. கையில் கிடைத்தது, ஆச்சிக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு. வலது கண் இத்தனை பவர், இடது கண் இத்தனை பவர் என்பதைத் தவிர அதில் ஒரு மருந்தின் பெயரும் கிடையாது. அதை ஏற்றினார், ஆர்டர் உறுதியானது, இரண்டாம் நாள் பார்சல் வந்துவிட்டது. யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவு சரிதானா என்று விசாரிக்க அவர் என் கடைக்கு வந்ததால்தான் எனக்கே தெரிந்தது.

டெக்ஸாமெத்தசோன் மாத்திரை அட்டவணை எச் மருந்து. 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65-ஆவது விதிப்படி மருத்துவர் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு எல்லாம் உள்ள சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். கடைக்கென்று ஒரு சட்டமும் செயலிக்கென்று ஒரு சட்டமும் இல்லை. ஆன்லைன் விற்பனைக்காக 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதி முடிவாகவில்லை என்பதைச் சாக்காகச் சொல்கிறார்கள். அது முடிவாகாவிட்டாலும் 65-ஆவது விதி இருக்கத்தானே செய்கிறது?

போட்டிக்காகப் பேசுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் எங்கள் தெருக்களிலும் உண்டு. அவற்றின் மேலும் நடவடிக்கை எடுங்கள் என்றே சொல்கிறேன். அங்கே உங்கள் இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டாக்கையும் பில்லையும் ஒத்துப் பார்க்க முடிகிறது. செயலியில் வாங்கியதற்கு அந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. அங்கேயும் செய்யலாம் என்பதுதான் என் வாதம். பார்சலோடு வந்த பில்லை நான் பார்த்தேன்: விற்ற கடையின் பெயர், உரிம எண், பேட்ச் எண் எல்லாம் இருக்கின்றன. செயலி, 'நாங்கள் இடைத்தரகர்தான்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். உரிமம் வைத்திருக்கும் கடைக்கு அந்த வழி இல்லை. உங்கள் அலுவலகமே ஒரு நெல்லை முகவரிக்குச் சீட்டில்லாமல் ஆர்டர் போட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடையாக இருந்தால் 66-ஆவது விதிப்படி உரிமத்தை நிறுத்திவைக்கலாம். வெளி மாநிலமென்றால் அந்த மாநில உரிம அதிகாரிக்குப் பில்லோடு எழுதலாம்.

டப்பா விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே 'சித்த மருந்து' என்று அச்சடித்திருப்பதால், இது எங்கள் துறை இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அந்த டப்பாவில் தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. ஒரு செல்போன் எண் மட்டும்தான். உள்ளே இருப்பது டெக்ஸாமெத்தசோன் என்றால், மேலே என்ன எழுதியிருந்தாலும் அதைத் தேட வேண்டியது உங்கள் துறைதான். இந்திய மருத்துவத் துறை அதிகாரிகளையும் சேர்த்துக்கொண்டு மாதிரி எடுத்து, அரசு பகுப்பாய்வாளருக்கு அனுப்புங்கள். 1940-ஆம் வருட மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, வாங்கிய எவரும் கட்டணம் கட்டித் தன் மருந்தைச் சோதிக்கச் சொல்லலாம். அப்படி ஓர் உரிமை இருப்பது பீடி சுற்றும் வீட்டுக்கு எப்படித் தெரியும்? எந்த மேசையில், எவ்வளவு கட்டி, எந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் அலுவலக வாசலிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

விளம்பரத்துக்கு, ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருடச் சட்டமே போதும். சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம், வாத நோய் என அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. அதை வெளியிடுவதில் பங்கு கொள்வதும் குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. டப்பா விற்பவர் கண்ணில் படாமல் இருக்கலாம். தினமும் ராத்திரி அந்த விளம்பரத்தை ஓட்டும் கேபிள் சேனலின் அலுவலகம் எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். முதல் நோட்டீசை அங்கே அனுப்புங்கள்.

ஆச்சி மகனின் சம்மதத்தோடு பாதி காலியான டப்பா, கூரியர் ஒட்டு, பிரிக்காத மாத்திரை அட்டைகள், பில் ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் இன்ஸ்பெக்டர் எந்த வேலை நாளில் வந்தாலும் ஒப்படைத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சேரன்மகாதேவி வட்டாரம்