செயலி எதை முன்னால் நீட்டுகிறது, எதை உள்ளே வைக்கிறது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் இரண்டு பெற்றோர் அடுத்தடுத்த நாட்களில் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் சொன்னவை வேறு வேறு புகார்கள் போலத்தான் முதலில் பட்டன. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவனின் அப்பா. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் நம் பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் போட்ட தெருநாடகத்தை அவர் தன் கைபேசியில் படம்பிடித்து ஒரு செயலியில் ஏற்றியிருந்தார். ஹெல்மெட் போடாத பையன் விழுந்து கிடப்பான், குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நெற்றியிலும் சட்டையிலும் பூசியிருந்தார்கள். அந்தப் பதிவை நீக்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் அவரைப் பின்தொடரும் உறவினர்களைத் தவிர வேறு யாருக்கும் அது போய்ச்சேரவில்லை. ஊர்ப் பெயரையும் தலைப்பையும் போட்டுத் தேடினாலும் வரவில்லை. "யாரோ வேண்டுமென்றே ரிப்போர்ட் அடித்துவிட்டார்கள் சார்" என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் வந்தவர் எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா. பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கச் சொல்லும் வீடியோக்கள் மகளுக்கு வரிசையாக வந்துகொண்டிருப்பதைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். "நான்தான் என் போனில் எல்லாவற்றையும் குறைவாக வைத்திருக்கிறேனே, அப்புறம் எப்படி வருகிறது?" என்பது அவர் கேள்வி.

ஒருவருக்கு நல்ல பதிவு மறைந்துபோனது, இன்னொருவருக்கு மறைய வேண்டியது வந்து நின்றது. இரண்டையும் தீர்மானிப்பது, எதை யார் முன்னால் நீட்டலாம் என்று செயலி வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு. நம் பிள்ளைகளிடம் அதிகம் புழங்குவதும், விதிகளை வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதும் இன்ஸ்டாகிராம் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சில புத்தகங்களை வாங்கவே மாட்டோம். மற்றவை எல்லாம் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் வாசல் மேசையில் பரப்பி வைப்பதில்லை. சிலவற்றை உள் அலமாரியில் வைத்து, கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுக்கிறோம். இன்ஸ்டாகிராமிலும் இப்படி இரண்டு விதிகள் உண்டு. எதைப் போடவே கூடாது என்பது ஒன்று. போடலாம், ஆனால் முன்பின் தெரியாதவர் முன்னால் நாங்களாகக் கொண்டுபோய் நீட்ட மாட்டோம் என்பது இன்னொன்று. அடிதடிக் காட்சி, பாலியல் சாயலுள்ள படம், சிகரெட், வேப் பிடிக்கத் தூண்டுவது, எடை குறைக்கும் மாத்திரை, அழகு அறுவைச் சிகிச்சை விளம்பரம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய பேச்சு ஆகியவை இந்த இரண்டாவது வகையில் வரும்.

ஆபத்தானது என்றால் நீக்கிவிடலாமே, ஏன் இந்தப் பாதி வழி? எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் எழுதிய நீண்ட குறிப்பு ஒன்றில் இதற்குப் பாதி விடை இருக்கிறது. தடைக்கோட்டை எங்கே போட்டாலும், அந்தக் கோட்டை நெருங்க நெருங்க ஒரு பதிவை மக்கள் கூடுதலாகப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை என்று சொல்பவர்களும் பார்க்கிறார்கள் என்று அவர் எழுதினார். பார்க்கிறார்கள் என்பதை வைத்து மேலும் மேலும் காட்டுவதுதான் பரிந்துரை இயந்திரத்தின் வேலை. கோட்டை உள்ளே தள்ளிப் போட்டால் ஆசை புதுக் கோட்டின் ஓரத்துக்கு வந்து நிற்கும். அதனால் கோட்டருகே இருப்பதைப் பரப்பாமல் விடுவதுதான் வழி என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

மீதி விடை ஒரு குழந்தையின் சாவோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் மோலி ரஸ்ஸல் என்ற 14 வயதுப் பெண் 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கடைசி ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, விரும்பிய, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, தற்காயம், தற்கொலை பற்றியவை என்று 2022 செப்டம்பரில் நடந்த மரண விசாரணையில் தெரியவந்தது. அவள் கேட்காமலே இயந்திரம் எடுத்து நீட்டியவையும் அவற்றில் இருந்தன. ஆன்லைனில் பார்த்தவை அவள் சாவுக்குச் சிறிதென்று சொல்ல முடியாத அளவில் காரணமாயின என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

அவளது தந்தை வெளியே பேசத் தொடங்கியதும், 2019 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் விதியை மாற்றியது. தற்காயத்தைக் கோரமாகக் காட்டும் படங்களுக்கு முழுத் தடை வந்தது. ஆறிய தழும்பைக் காட்டி "நான் இதிலிருந்து மீண்டேன்" என்று ஒருவர் எழுதினால் அதை நீக்குவதில்லை, தேடலிலும் ஹேஷ்டேகிலும், செயலி தானாக எடுத்து நீட்டும் எக்ஸ்ப்ளோர் பக்கத்திலும் காட்டாமல் விடுவது என்று தீர்மானித்தார்கள். வலியில் இருப்பவர் வாயை அடைத்தால் அவர் இன்னும் தனியாகிவிடுவார், அதே படத்தை வலியில் இருக்கும் இன்னொரு பிள்ளையிடம் இயந்திரம் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது. அந்தப் பாதி வழிக்கு இதுதான் காரணம். எனக்கு இது சரியென்றே படுகிறது.

தேடலை ஏன் இதில் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். பிள்ளை தானே தட்டித் தேடுகிறது, அதை இயந்திரம் திணிக்கவில்லையே? ஆனால் ஒரு சொல்லைத் தேடினால் வரும் ஆயிரம் பதிவில் எது முதலில் நிற்க வேண்டும் என்று வரிசை போடுவது இயந்திரம். இரண்டு எழுத்து அடித்ததும் மீதியை எடுத்துக் கொடுப்பதும் அதுதான். மனசு உடைந்த பிள்ளை முதலில் போய் நிற்கும் இடமும் தேடல் பெட்டிதான். அதனால்தான் 2022 ஜூனில் இந்தக் கட்டுப்பாட்டை எக்ஸ்ப்ளோரிலிருந்து தேடல், ரீல்ஸ், பின்தொடரச் சொல்லும் கணக்குகள் வரை நீட்டினார்கள்.

இனி அந்தக் கட்டுப்பாட்டைப் பார்ப்போம். அமைப்புகளுக்குள் `Content preferences`, அதற்குள் `Sensitive content` என்று இருக்கும். பெரியவர் கணக்கில் மூன்று படிகள்: `More`, `Standard`, `Less`. நீங்கள் எதையும் தொடாவிட்டால் `Standard`. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் கணக்கில் `More` என்ற படியே கிடையாது. 2024 ஜனவரியில் அவர்களை மிகக் கடுமையான படியில் வைக்கத் தொடங்கினார்கள். தற்காயம், பட்டினி உணவுமுறை பற்றிய பதிவுகளை அவர்கள் பின்தொடர்பவரே போட்டாலும் காட்டாமல் தடுக்கவும் செய்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பதின்வயதுக் கணக்கில், 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை இந்தப் பாதுகாப்புகளைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி வேண்டும்.

சரி, இவ்வளவு இருந்தும் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எப்படி அவை வந்தன? அம்மாவோடு உட்கார்ந்து மகள் கணக்கைத் திறந்து பார்த்தோம். 13 முடிந்தால்தான் கணக்கு என்றதால், இரண்டு வருடம் முன்பு திறந்தபோது பிறந்த ஆண்டை 1998 என்று போட்டிருக்கிறாள். செயலியைப் பொறுத்தவரை அவள் வேலைக்குப் போகும் வயதுப் பெண். பிள்ளைகளுக்கான பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. அம்மா தன் போனில் வைத்த `Less` அம்மாவின் கணக்குக்கு மட்டும்தான். அது வீட்டுக்கோ வைஃபைக்கோ பொருந்தாது. அப்பாவின் கைபேசியை வாங்கி அப்பா கணக்கிலேயே ரீல்ஸ் பார்க்கும் சின்னப் பிள்ளைக்கும் இதே நிலைதான். அங்கே பார்ப்பவருக்கு அப்பாவின் வயது.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிள்ளையின் கைபேசியில் `Sensitive content` பக்கத்தைத் திறங்கள். அங்கே `More` என்ற படி கண்ணில் பட்டால், செயலி உங்கள் பிள்ளையைப் பெரியவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பிறந்த தேதியைப் பிள்ளையோடு சேர்ந்தே திருத்துங்கள். 13 முடியாத பிள்ளையின் உண்மைத் தேதியைப் போட்டால் கணக்கையே நீக்கிவிடுவார்கள். அப்படியென்றால் படங்களை முதலில் சேமித்து வையுங்கள், பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று எல்லாம் போய்விட்டால் அடுத்த பொய்த் தேதியோடு புதுக் கணக்கு வந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடு எட்டாத இடங்களும் இருக்கின்றன. நண்பன் தனிச்செய்தியில் அனுப்பும் வீடியோவை இது தடுக்காது, வாட்ஸ்அப் குழுவையும் தொடாது. தடைபட்ட சொல்லை ஓர் எழுத்துக்குப் பதில் எண் போட்டு எழுதுவது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும்போது இயந்திரம் இன்னும் தடுமாறும். 2025 பிப்ரவரி கடைசியில் பலருடைய ரீல்ஸில் கோரமான வன்முறைக் காட்சிகள் கொட்டின. மிகக் கடுமையான படியில் வைத்திருந்தவர்களும் தங்களுக்கு வந்ததாகச் சொன்னார்கள். தவறு நேர்ந்துவிட்டது என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. ஆகவே `Less` வைத்தாகிவிட்டது என்று பிள்ளையிடம் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

தெருநாடகத்துக்கு வருகிறேன். யாரும் ரிப்போர்ட் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப்பட்ட இயந்திரம் ஒரு படத்தில் ரத்தம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும். மிக அதிகமென்றால் நீக்கம், நடுவில் நின்றால் பரிந்துரையிலிருந்து விலக்கு. குங்குமத்துக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் அதற்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைக் காக்கும் அதே சல்லடைதான் அவர்கள் நாடகத்தையும் நிறுத்தியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் இப்படி நடந்தால் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர் `Account Status` பக்கத்தில் தன் பதிவு பரிந்துரைக்குத் தகுதியானதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் மறுபரிசீலனை கேட்கலாம். நாங்கள் வேறொன்று செய்தோம். பிள்ளைகள் அடிபட்ட காட்சியை எடுத்துவிட்டு, சாலையில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடப்பதுபோல் மாற்றி, புதிதாகப் படம்பிடித்திருக்கிறார்கள். எனக்கு முந்தையதைவிட இதுதான் நெஞ்சில் தைத்தது.

உங்கள் பிள்ளை மனம் சோர்ந்து, சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் என்னிடமோ வகுப்பாசிரியரிடமோ வந்து சொல்லுங்கள். இரவு நேரமென்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி அறையில் ஆசிரியர்கள் இருப்பார்கள். பிள்ளையையும் அதன் கைபேசியையும், உங்கள் கைபேசியையும் கொண்டு வாருங்கள். பிறந்த ஆண்டு, `Sensitive content` படி இரண்டையும் சேர்ந்தே பார்த்துச் சரிசெய்துவிடலாம். சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் திங்கள் மாலை பள்ளி விட்டதும் வரலாம், நான் ஆறு மணி வரை இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்