முகூர்த்தத்துக்கு ஷார்ப் கிடையாது

அன்பு மகள் கயலுக்கு,

உன் ஜெர்மனி ஆபீஸ் நண்பர்களுக்காக நீ எழுதிய இங்கிலீஷ் கல்யாணப் பத்திரிகையை நேற்று ராத்திரி வாட்ஸப்பில் பார்த்தேன். படம், எழுத்து எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நேரம் போட்டிருக்கும் இரண்டு வரி மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணத்துக்கு ‘7.30 ஷார்ப்’ என்று போட்டிருக்கிறாய், முதல் நாள் வரவேற்புக்கு ‘அரவுண்ட் 6.30’ என்று. முப்பது வருஷம் பத்திரிகை அச்சடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டையும் மாற்ற வேண்டும்.

நம் தமிழ்ப் பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறோம் என்று பார். ‘வியாழக்கிழமை காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் கன்னி லக்னத்தில்.’ இது அழகுக்காகப் போடும் நீட்டி முழக்கல் இல்லை. வியாழக்கிழமை எமகண்டம் 6.00 முதல் 7.30 வரை. அது தாண்டட்டும் என்பதற்குத்தான் ‘மேல்’. ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். ஆவணி பத்து தேதி வாக்கில் கன்னி லக்னம் ஏழு இருபதை ஒட்டித் தொடங்கி ஒன்பது இருபதை ஒட்டி முடியும். ஜோசியர் கடைசி இருபது நிமிஷத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு 9.00 என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் ‘குள்’. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, இரண்டும் இறுக்கமாகச் சாத்தியிருக்கும். நடுவில் எந்த நிமிஷத்தில் தாலி ஏறினாலும் முகூர்த்தம்தான்.

இப்போது உன் ‘7.30 ஷார்ப்’பைப் படிக்கும் ஜெர்மன்காரர் என்ன செய்வார்? ஏழு இருபத்தைந்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். ஏழரைக்கு மேடையில் ஒன்றும் நடக்காது. ஐயர் சமித்தை அடுக்கிக்கொண்டிருப்பார், உன் சித்தி பூ எங்கே என்று கத்திக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, பூஜை முடிந்து, நீ கூறைப்புடவை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் தாலித் தட்டு சபையைச் சுற்றிவர வேண்டும். நானூறு பேர் தொட்டு ஆசீர்வதிக்க அதற்கே கால் மணி நேரம் போய்விடும். கெட்டிமேளம் எட்டரையை ஒட்டித்தான் என்று ஐயர் சொல்கிறார். ஷார்ப் என்று நம்பி வந்த மனுஷன் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, ‘அரவுண்ட் 8.30’ என்று போடலாமே என்பாய். அது இன்னும் மோசம். அதைப் படிக்கிறவர் எட்டே முக்காலுக்கு வந்தாலும் குற்றமில்லை என்றுதானே நினைப்பார்? அதற்குள் தாலி ஏறியிருக்கும். இந்தத் தப்பை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், டிரெடில் மிஷின் காலம். ஒரு கோயில் கல்யாணப் பத்திரிகை. காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அச்செழுத்துக் கோர்த்தபோது வரி இடத்துக்குள் அடங்கவில்லை. இடம் மிச்சம் செய்ய ‘காலை 7 மணியளவில்’ என்று சுருக்கிவிட்டேன். புரூப் பார்த்தவரும் கவனிக்கவில்லை. கல்யாணத்தன்று ஆறே முக்காலுக்குத் தாலி கட்டியாகிவிட்டது. பெண்ணின் சொந்தத் தாய்மாமன் ஏழே காலுக்குச் சீர்த்தட்டோடு வந்து நின்றார். அவர் மேல் என்ன தப்பு? ‘அளவில்’ என்றால் முன்னே பின்னே என்றுதான் அர்த்தம். அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்கு என்னிடம் வரவில்லை. அதற்கப்புறம் ‘மேல்’, ‘குள்’ இரண்டையும் நான் விட்டதே இல்லை. இடம் போதாவிட்டால் பட்டப்பெயரில் ஒன்றைக் குறைப்பேன்.

வரவேற்பு வேறு மாதிரி. அதற்குத் தமிழில் ‘மாலை 6.30 மணி முதல்’ என்று போட்டிருக்கிறோம். ‘முதல்’ என்றால் தொடக்கம் மட்டும்தான் கட்டு, முடிவைத் திறந்து விட்டிருக்கிறோம் என்று பொருள். ஏழரைக்கு வா, எட்டரைக்கு வா, யாரும் கேட்கப் போவதில்லை. ‘அரவுண்ட்’ என்று நீ போட்டால் ஏழு மணிக்குள்ளாவது போய்விட வேண்டும் என்று வெளியூர்க்காரர் அடித்துப் பிடித்து வருவார். வந்து பார்த்தால் காலி நாற்காலியும் மைக் டெஸ்டிங்கும்தான். நீங்கள் இரண்டு பேரும் மேடைக்கு வர ஏழே காலாவது ஆகிவிடும், உன் அலங்காரம் பற்றி எனக்குத் தெரியாதா? பந்தியை ஏழு மணிக்குத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன், கடைசிப் பந்தி ஒன்பதரை.

நீ படிக்கப் போன முதல் வருஷம் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு அட்டவணையில் மணிக்குப் பக்கத்தில் ‘c.t.’ என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும், ‘s.t.’ என்றால் டாண் என்று அந்த மணிக்கே தொடங்கும் என்றாய். அது தெரியாமல் முதல் நாள் காலியான அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று அழாத குறையாகச் சொன்னாய். இரண்டே எழுத்தில் விஷயத்தை முடித்துவிட்டார்களே என்று எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. உன் நண்பர்களை நம் மண்டபத்தில் அப்படி உட்கார வைக்காதே.

நம் பேச்சிலும் இந்தக் குறிப்பெல்லாம் இருக்கிறது, பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. ‘ஆறு மணிக்கு வா’ என்பது ஒன்று. ‘ஒரு ஆறு மணிக்கு வா’ என்றால் அந்த ‘ஒரு’ போதும், ஆறே கால் ஆனாலும் பரவாயில்லை. ‘ஆறு, ஆறரைக்கு’ என்றால் ஆறரைதான். ‘ஆறு மணிக்கெல்லாம் வந்துடு’ என்று உன் அம்மா சொன்னால் அஞ்சே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும். இதையெல்லாம் இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் அடக்க முடியாது. அதனால் சொல்லைத் தேடாமல், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடு.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் வரி: ‘தயவுசெய்து காலை 8.00 மணிக்குள் வந்து அமருங்கள். தாலி கட்டுவது 8.15-க்கும் 8.50-க்கும் இடையில், ஒன்பதைத் தாண்டாது.’ இரண்டாவது வரி: ‘புதன்கிழமை மாலை 6.30 முதல் 9.00 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், மணமக்கள் 7.15 முதல் மேடையில் இருப்பார்கள்.’ இங்கிலீஷ் உன்னுடையது, நேரம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் ஏன் கூடாது என்று யாராவது கேட்டால் லக்னத்தை நீயே விளக்கிக்கொள்.

இன்னொன்று. லாட்ஜிலிருந்து அவர்களை அழைத்து வரும் வேனுக்கு ‘ஏழரை வாக்கில்’ என்று சொல்லிவிடாதே. டிரைவருக்கு ‘7.20’ என்று சொல். ஏழரை என்றால் எட்டு வரை இழுப்பார்கள். ஒழுங்கில்லாத நம்பரைக் கேட்டால் ரயில் நேரம் மாதிரி இருக்கும், ஏதோ காரணம் இருக்கிறது என்று வந்துவிடுவார்கள்.

திருத்தியதை வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் நேரம் காலை பத்து மணிக்குள் அனுப்பு. அன்று சாயங்காலம் பிரஸ்ஸுக்குக் கொடுக்கிறேன். உன் பெரியப்பாவுக்கு மட்டும் முகூர்த்தம் ஆறரைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பத்திரிகை அவர் கைக்குப் போனதும் எனக்குப் போன் வரும், பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா