தேதியை முதல் வரியில் எழுதுங்கள்: கோவை பவுண்டரிகளின் உரிமையாளர்களுக்கும் ஏற்றுமதிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் ஏற்றுமதிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தென்மேற்கு ஜெர்மனியில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்களைப் போன்ற பவுண்டரிகள் எழுதிய மின்னஞ்சல்கள் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால், அந்த மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். உங்கள் காஸ்டிங்கின் தரத்தைப் பற்றி இங்கே எந்தக் குறையும் சொல்லப்போவதில்லை. சரக்கு தாமதமாகும் என்று தெரிந்த பிறகு அதை எப்போது, எந்த வரிசையில், யார் எழுதுகிறார்கள் என்பது ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

2025-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை முழுமையாகச் சொல்கிறேன். ஒரு பவுண்டரிக்கு 1,200 பம்ப் கேசிங்குகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். ஒன்று ஏறத்தாழ 6 கிலோ. கொச்சியில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய நாளை ஆர்டரில் KW 24 என்று குறித்திருந்தோம். ஜெர்மானியர்கள் மாதத்தையும் நாளையும் சொல்வதைவிட ஆண்டின் எத்தனையாவது வாரம் என்று சொல்வதே அதிகம். அந்த ஆண்டின் 24-ஆவது வாரம் ஜூன் 9 திங்களன்று தொடங்கியது. மே 27 அன்று என் பக்கத்து மேசைப் பெண்மணி, அந்த வாரம் உறுதிதானா என்று கேட்டு ஒரே வரியில் எழுதினார். மறுநாள் பதில் வந்தது: “தங்கள் மடல் கிடைத்தது, குறித்துக்கொண்டோம், எங்களால் இயன்ற அனைத்து முயற்சியும் செய்வோம்.”

அந்த வரியைக் கோவையில் படிக்கும் யாருக்கும் எங்கோ இடிக்கிறது என்று புரிந்துவிடும். முடியும் என்றால் முடியும் என்றே எழுதியிருப்பார்களே, முயற்சி எங்கிருந்து வந்தது? ஆனால் அவருக்கு அது புரியவில்லை. அவர் கேட்டது ஆமா, இல்லையா என்ற கேள்வி. வந்த பதிலில் ‘இல்லை’ இல்லை. ஆகவே ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டு கன்டெய்னர் இடத்தை உறுதி செய்துவிட்டார். அன்று நான் விடுப்பில் இருந்தேன். இருந்திருந்தாலும் அவர் என்னிடம் காட்டியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் கண்ணுக்கு அதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

ஜூன் 13 வெள்ளிக்கிழமை மாலை, அதாவது ஒப்புக்கொண்ட வாரத்தின் கடைசி வேலை நாளில், பவுண்டரியிலிருந்து ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பில் தொடங்கி, பல ஆண்டு உறவைப் பெருமையாகச் சொல்லி, எதிர்பாராத சூழ்நிலை என்று குறிப்பிட்டு, மூன்று இடங்களில் மன்னிப்புக் கேட்டு, ஒத்துழைப்பு தரும்படி வேண்டி முடிந்தது. புதிய தேதி அதில் எங்குமே இல்லை. பெண்மணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இதில் இவர் எனக்கு என்ன சொல்கிறார்?” என்று என்னிடம் கேட்டார். கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

நான் தமிழில் தொலைபேசியில் கேட்டபோது இரண்டே நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. “கோர் பாக்ஸ் விரிசல் விட்டுப்போச்சுங்க சார். மே 26-ஆம் தேதியே தெரியும். எம்.டி. வெளியூர்ல இருந்தாருங்க, அவரைக் கேக்காம கஸ்டமருக்கு எழுத முடியாதுங்களே” என்றார் அங்கிருந்த பொறியாளர். 400 கேசிங்குகள் அதற்கு முன்பே வார்த்து, இயந்திர வேலையும் முடிந்து தயாராக இருந்தன. பாக்கி 800-க்குத்தான் புதிய கோர் பாக்ஸ் தேவைப்பட்டது. முழு லாட்டாக அனுப்புவதே முறை என்று நினைத்து அந்த 400-ஐயும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இங்கேதான் மனம் ஆறவில்லை. அந்த 400-ஐ மட்டும் உரிய வாரத்திலேயே பொதுக் கன்டெய்னரில் ஏற்றியிருந்தால், எங்கள் அசெம்பிளிக்கு முதல் இரண்டு வாரங்களுக்கு அது போதும். மீதி 800 இரண்டு வாரம் பிந்திக் கப்பலேறியிருந்தாலும் ஒரு நாள்கூட வேலை நின்றிருக்காது. மே 26 அன்று இது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு மின்னஞ்சலில் முடிந்திருக்கும். ஜூன் 13-க்குள் அந்தக் கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் கடைசி நாள் கடந்துவிட்டது. முடிவில் 150 கேசிங்குகள், ஏறத்தாழ 900 கிலோ இரும்பு, விமானத்தில் போயிற்று. வாடகையைக் கட்டியது பவுண்டரிதான்.

மே 26 அன்று மாலை எழுதியிருக்க வேண்டிய மின்னஞ்சல் இது. தமிழில் தருகிறேன்; ஆங்கிலத்தில் இதைவிட நீளமாக இருக்கத் தேவையில்லை.

“பொருள்: உங்கள் ஆர்டர், பம்ப் கேசிங்: KW 24-இல் 400 மட்டும், மீதி 800 KW 26-இல்.

ஆர்டரின் 1,200-இல் 400-ஐ மட்டுமே ஒப்புக்கொண்ட வாரத்தில் கொச்சியில் ஒப்படைக்க முடியும். மீதி 800-ஐ ஜூன் 27 வெள்ளிக்கிழமை ஒப்படைப்போம். காரணம், எங்கள் கோர் பாக்ஸ் இன்று விரிசல் விட்டது. புதியது ஜூன் 9 அன்று கைக்கு வரும். 400-ஐத் தனியாக அனுப்பலாமா, 1,200-ஐயும் சேர்த்தே அனுப்ப வேண்டுமா என்பதை மே 28-க்குள் தெரிவியுங்கள். புதிய கோர் பாக்ஸ் வருவது தள்ளிப்போனால் அன்றே எழுதுகிறேன். இதனால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

மன்னிப்பு இதிலும் உண்டு. ஒரு முறை, கடைசியில். நம் வழக்கத்தில் கெட்ட செய்தியை முதல் வரியில் போட்டு உடைப்பது மரியாதைக் குறைவு, தயார்படுத்திவிட்டுத்தான் சொல்வோம். துக்கச் செய்தியைக்கூட ‘உடனே கிளம்பி வா’ என்றுதானே சொல்லி அனுப்புகிறோம். அங்கே கொள்முதல் மேசையில் இருப்பவருக்கு அந்த மூன்று பத்தி முன்னுரை மரியாதையாகப் போய்ச் சேர்வதில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயமாகத்தான் போய்ச் சேர்கிறது. மரியாதையை அவர் வேறு இடத்தில் எதிர்பார்க்கிறார்: குடும்பப் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலில் எழுதுவதில், முனைவர் பட்டம் இருந்தால் அதை விடாமல் சேர்ப்பதில், கேட்ட நாளுக்குள் பதில் தருவதில்.

அவர்கள் எழுதுவதை நீங்கள் படிக்கும்போதும் இதே சறுக்கல் எதிர்த்திசையில் நடக்கிறது. ‘இது ஏற்கத்தக்கதல்ல, ஏன் இப்படி நடந்தது?’ என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தால், ஆர்டர் போய்விட்டது என்று உங்கள் அலுவலகத்தில் கூட்டம் போடுகிறீர்கள். பெரும்பாலும் அந்த ‘ஏன்’ காரணத்தை மட்டுமே கேட்கிறது; அதற்கு மறுபடியும் மன்னிப்பை அனுப்பினால் அதே கேள்வி மறுபடியும் வரும், இம்முறை அவருடைய மேலாளருக்கும் நகல் போட்டு. குறிப்பிட்ட தேதிக்குள் சரக்கு தராவிட்டால் ஆர்டரைக் கைவிடுவோம் என்று எழுதும் மடலும் இப்படித்தான். ஜெர்மன் குடியியல் சட்டத்தின் 323-ஆம் பிரிவுப்படி, தாமதத்துக்காக ஒப்பந்தத்திலிருந்து விலக நினைப்பவர், பொதுவாக முதலில் நியாயமான கூடுதல் கெடு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ‘நாஹ்ஃபிரிஸ்ட்’ என்பது அதற்குப் பெயர். உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மடலை எழுதியவர் பலமுறை செய்து பழகிய ஓர் அலுவலக நடைமுறையைத்தான் செய்திருக்கிறார். அது கோபக் கடிதம் அல்ல என்றாலும், அதில் உள்ள தேதி உண்மையான தேதி. அதை மதிக்காமல் விட்டால் அவர் விலகவும் கூடும்.

அவர்களுடைய ஆங்கிலத்திலும் ஒரு கண் இருக்கட்டும். ‘வெள்ளி வரைக்கும் அனுப்புங்கள்’ என்று பொருள்படும்படி ‘அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதியிருந்தால், அவர் சொல்ல வந்தது வெள்ளிக்குள் என்பது. ஜெர்மனில் இரண்டுக்கும் ‘பிஸ்’ என்ற ஒரே சொல்தான். ‘ஈவென்சுவலி’ என்று எழுதினால் பெரும்பாலும் ‘ஒருவேளை’ என்றே நினைத்து எழுதியிருப்பார். ‘ஈவென்சுவலி’ 500 வாங்குவோம் என்ற வரியை நம்பிக் கச்சாப் பொருள் வாங்கி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் எண்ணையும் தேதியையும் திருப்பி எழுதி ‘சரிதானா?’ என்று கேட்டுவிடுங்கள். அங்கே அப்படிக் கேட்பதை யாரும் அறியாமையாக நினைப்பதில்லை.

இனி உரிமையாளர்களிடம் என் கோரிக்கை. அந்தப் பொறியாளருக்கு ஆங்கிலம் தெரியும், தேதியும் தெரியும், 400 தயாராக இருப்பதும் தெரியும். எழுத அனுமதிதான் இல்லை. மொழிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், தாமதம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குப் புதிய தேதியை எழுதும் அதிகாரத்தை, உற்பத்தித் திட்டம் பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். விலை, இழப்பீடு, விமான வாடகையை யார் ஏற்பது ஆகியவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம். அவற்றை அவர் தொட வேண்டியதில்லை. உங்களுக்கு நகல் மட்டும் வரட்டும். தவறான தேதியைக் கொடுத்துவிடுவாரே என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. சந்தேகமான தேதியை ‘சந்தேகமானது, வரும் திங்களன்று உறுதி செய்கிறேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் அங்கே ஏற்றுக்கொள்வார்கள், திங்களன்று உண்மையிலேயே எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மேலே உள்ள மாதிரி மின்னஞ்சலில் பதில் கேட்கும் நாளை மே 28 புதன் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. 2025-இல் மே 29 வியாழன் ஜெர்மனி முழுவதும் இயேசுவின் விண்ணேற்ற நாள் விடுமுறை. இடையில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமையைப் பலர் விடுப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஜூன் 9 திங்களும் அங்கே விடுமுறைதான். ஜூன் 19 எங்கள் மாநிலத்தில் விடுமுறை, ஹாம்பர்க் துறைமுகத்தில் வேலை நாள். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அந்த மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலை வார எண்களோடு அச்சிட்டு, டிஸ்பேட்ச் மேசைக்கு மேலே ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்து மேசையில் இருந்தவன்